அயர்ன் கொண்டோர் ஒன்றை எத்தனை லொட் எடுப்பது, எப்படிக் கண்காணிப்பது: நாலு கிரீக்குகளைக் கொண்டு ஒரு முழுக் கணக்கு

என்னிடம் ஒப்ஷன் பழக வருகிற பிள்ளைகள் டெல்டா, காமா, தீட்டா, வேகா நாலுக்கும் வரைவிலக்கணம் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அயர்ன் கொண்டோர் போல நாலு லெக், அதாவது நாலு தனித்தனி ஒப்ஷன், உள்ள ஒரு பொசிஷனைத் திரையில் வைத்து, "இதில் எத்தனை லொட் எடுப்பாய்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தீட்டாவைத்தான் பார்ப்பார்கள். கொக்குவிலிலிருந்து வந்து படித்த தம்பி ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "அண்ணை, ஒரு லொட்டுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு டொலர் வருது. பத்து லொட் போட்டால் அம்பது டொலர். எனக்கு அது காணும்."

அந்தக் கணக்கு தலைகீழானது. ஏன் என்பதையும், சரியான ஒழுங்கு எது என்பதையும் ஒரே ஒரு பொசிஷனை எடுத்து ஆரம்பம் முதல் செய்து காட்டுகிறேன்.

## 1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

எடுத்துக்காட்டுக்கு XSP எடுத்திருக்கிறேன். எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு கொண்டது. ஐரோப்பிய முறை ஒப்ஷன் என்பதால் முடிவுத் திகதிக்கு முன் யாரும் எக்சர்சைஸ் செய்ய முடியாது. பணமாகவே தீர்க்கப்படும். படிப்பவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இடையில் பங்குகள் கணக்கில் வந்து விழுந்து கிரீக்குகளைக் குழப்பாது.

பழகும்போது பேப்பர் கணக்கிலேயே செய்யுங்கள். இலங்கையிலிருந்து வெளிநாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்புவதற்கு 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரையறைகள் உண்டு. அந்தக் கேள்வியை உங்கள் வங்கியிடம் முதலே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நேரத்தையும் யோசியுங்கள். நியூயோர்க்கில் காலை 9.30க்குச் சந்தை திறக்கும்போது யாழ்ப்பாணத்தில் இரவு 7 மணி. அங்கே குளிர்கால நேரம் வந்தால் இரவு 8 மணி. முடியும்போது இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியும் கடந்துவிடும். கடைசி மணித்தியாலத்தில் நீங்கள் நித்திரையாக இருப்பீர்கள் என்றால், பொசிஷனின் அளவும் அதைக் கணக்கில் எடுத்தே இருக்க வேண்டும். கார்த்திகை மாரியில் கரண்ட் போய் இணைப்பும் விழுகிற இரவுகள் எங்களுக்குப் புதிதல்ல. "ஆபத்து வந்தால் உடனே வெளியேறுவேன்" என்ற எண்ணத்தில் அளவைக் கூட்டக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இவை தவிர ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் ஒரு கொப்பியும் போதும்.

## 2. முதலில் அலகுகளைச் சரி பாருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஆகவே கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

சில தளங்கள் ஒரு பங்குக்கான கிரீக்கைக் காட்டும், சில முழுப் பொசிஷனுக்கானதைக் காட்டும். ஒரு கொன்ட்ராக்ட்டின் பெருக்கி 100. திரையில் டெல்டா 0.17 என்று இருந்தால் ஒரு கொன்ட்ராக்ட்டுக்கு அது 17. அதாவது குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் 17 டொலர்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் கொன்ட்ராக்ட் அளவிலேயே, டொலரிலேயே எழுதுகிறேன். டெல்டா என்பது குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் வரும் டொலர். காமா என்பது அந்த ஒரு புள்ளியில் டெல்டா எவ்வளவு மாறும் என்பது. தீட்டா என்பது ஒரு நாட்காட்டி நாளுக்கான டொலர். வேகா என்பது ஐவி, அதாவது ஒப்ஷன் விலையில் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு ஏற்ற இறக்கம், ஒரு புள்ளி, உதாரணமாக 16இலிருந்து 17க்கு, மாறினால் வரும் டொலர்.

அடுத்தது குறி. விற்ற ஒப்ஷனுக்கு நாலு கிரீக்கின் குறியும் மாறும். புட்டின் டெல்டா இயல்பிலேயே எதிர்க்குறி என்பதால், விற்ற புட்டின் டெல்டா நேர்க்குறி. இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்க்காதவர்கள் கட்டாயம் ஓரிடத்தில் பிழை விடுவார்கள்.

சரிபார்க்கச் சுகமான வழி: ஒரே ஒரு கொன்ட்ராக்ட்டைப் பேப்பர் கணக்கில் வாங்கி, திரையின் தனி ஒப்ஷன் வரிசையிலுள்ள டெல்டாவையும் பொசிஷன் வரிசையிலுள்ள டெல்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு மடங்கு வித்தியாசம் இருந்தால் எது எந்த அலகு என்று தெரிந்துவிடும்.

## 3. ஒரு லொட்டுக்கான நாலு எண்களைக் கட்டுங்கள்

அயர்ன் கொண்டோர் என்பது ஒரு புட்டையும் ஒரு கோலையும் விற்று, அவற்றுக்கு வெளியே இன்னொரு புட்டையும் கோலையும் வாங்குவது. நாலிலும் ஒவ்வொரு கொன்ட்ராக்ட் சேர்ந்தது ஒரு லொட். குறியீடு 600இல் நிற்கிறது, முடிவுக்கு 45 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஐவி 565 புட்டில் 19, 555 புட்டில் 20, 630 கோலில் 13.5, 640 கோலில் 13. கீழே உள்ள எண்கள் வட்டியை ஒதுக்கிவிட்டு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் நான் போட்டவை.

| லெக் | டெல்டா | காமா | தீட்டா | வேகா |
|---|---|---|---|---|
| 565 புட் விற்றது | +17.5 | −0.64 | +11.5 | −54.3 |
| 555 புட் வாங்கியது | −12.6 | +0.49 | −9.7 | +43.6 |
| 630 கோல் விற்றது | −15.7 | −0.85 | +7.6 | −50.7 |
| 640 கோல் வாங்கியது | +8.2 | +0.55 | −4.6 | +31.9 |
| மொத்தம் | −2.6 | −0.45 | +4.8 | −29.5 |

கையில் வரும் கிரெடிட் 246 டொலர். ஸ்ட்ரைக் இடைவெளி பத்துப் புள்ளி, அதாவது 1,000 டொலர். ஆகவே அதிகபட்ச இழப்பு 754 டொலர்.

கீழ் வரிசையைக் கவனியுங்கள். டெல்டா கிட்டத்தட்ட பூச்சியம் என்றதும் "இது நடுநிலை, பயமில்லை" என்பார்கள். இந்த நிமிடத்துக்கு மட்டும்தான் அது நடுநிலை. உண்மையில் இந்தப் பொசிஷனின் ஆபத்து வேகாவில் இருக்கிறது. ஐவி ஒரே ஒரு புள்ளி ஏறினால் ஆறு நாள் தீட்டா போய்விடும்.

தீட்டாவும் காமாவும் ஒரே நாணயத்தின் இரு பக்கம். எவ்வளவு நகர்வு வரைக்கும் ஒரு நாள் தீட்டா தாங்கும் என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
√(2 × 4.8 ÷ 0.45) = 4.6
```

ஒரு நாளில் 4.6 புள்ளிக்குள், அதாவது முக்கால் வீதத்துக்குள் குறியீடு அடங்கினால் தீட்டா வெல்லும். அதற்கு மேல் போனால் காமா வெல்லும். "நாளைக்கு அஞ்சு டொலர்" என்பது சும்மா வருகிற காசு இல்லை என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

## 4. அதிர்ச்சிக் கணக்கிலிருந்து லொட்டைத் தீர்மானியுங்கள்

எண்ணிக்கையை இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். ஒழுங்கு இது: ஒரு கெட்ட நாளை எழுதுங்கள், அந்த நாளில் ஒரு லொட் எவ்வளவு இழக்கும் என்று பாருங்கள், நீங்கள் தாங்கக்கூடிய தொகையை அதால் வகுங்கள். தீட்டாவுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

நான் எடுக்கும் கெட்ட நாள்: குறியீடு 3 வீதம் கீழே, ஐவி 5 புள்ளி மேலே. இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பங்குக் குறியீடு வேகமாக விழும்போது ஐவி ஏறுவதே வழக்கம். விலையைத் தனியாகவும் ஐவியைத் தனியாகவும் அசைத்துப் பார்க்கிறவர் அரைவாசி ஆபத்தைத்தான் பார்க்கிறார்.

```
=B1*B6 + 0.5*B2*B6^2 + B3*B7 + B4*B8
```

B1 முதல் B4 வரை டெல்டா, காமா, தீட்டா, வேகா. B6 குறியீட்டின் நகர்வு, B7 நாட்கள், B8 ஐவியின் மாற்றம். இந்தக் கணக்குக்கு நாட்களைப் பூச்சியமாக வைக்கிறேன்.

18 புள்ளி விழுந்தால் டெல்டாவில் 47 டொலர் வரவு. காமாவில் 73 செலவு. வேகாவில் 147 செலவு. மொத்தம் ஒரு லொட்டுக்கு 173 டொலர் இழப்பு.

கணக்கில் 20,000 டொலர் இருக்கிறது, ஒரு நாளில் 2 வீதம், அதாவது 400 டொலருக்கு மேல் இழக்க மாட்டேன் என்றால், 400ஐ 173ஆல் வகுக்க 2.3. ஆகவே இரண்டு லொட். எப்போதும் கீழ்ப்பக்கமே முழு எண்ணாக்குங்கள். பிறகு அதிகபட்ச இழப்பையும் பாருங்கள்: இரண்டு லொட்டுக்கு 1,508 டொலர், கணக்கில் ஏழரை வீதம். என் எல்லை 10 வீதம் என்பதால் இது செல்லும். இரண்டு கணக்கில் எது குறைந்த லொட் தருகிறதோ அதையே எடுக்க வேண்டும்.

அந்தத் தம்பியின் பத்து லொட்டுக்கு வருவோம். அதே நாளில் 1,730 டொலர் போயிருக்கும். அதிகபட்ச இழப்பு 7,540. கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவர் கேட்டது நாளைக்கு ஐம்பது டொலர்தான்.

இதற்குள் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிரீக்குகள் நிற்கிற இடத்தின் சரிவை மட்டுமே சொல்லும். தூர நகர்வுக்கு அவை துல்லியமானவை அல்ல. அதே கெட்ட நாளுக்கு நாலு லெக்கையும் முழுதாக விலையிட்டுப் பார்த்தபோது எனக்கு இழப்பு 120 அளவில்தான் வந்தது. காரணம், விலை 565ஐ நெருங்க நெருங்க வாங்கிய 555 புட் வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தப் பொசிஷனில் தோராயக் கணக்கு ஆபத்தைக் கூட்டிக் காட்டுகிறது, அது எங்களுக்குப் பாதுகாப்பான பக்கம். வாங்கிய சிறகுகள் இல்லாமல் வெறுமனே விற்ற பொசிஷனில் அந்தப் பிடிமானம் கிடைக்காது. அங்கே கட்டாயம் முழு விலையிட்டே பாருங்கள்.

## 5. ஓர்டர் போட முன் எல்லைகளை எழுதுங்கள்

இரண்டு லொட்டுக்கு டெல்டா −5.2, காமா −0.9, தீட்டா +9.6, வேகா −59. கொப்பியில் இதை எழுதி, பக்கத்தில் இரண்டு எல்லைகளையும் எழுதுகிறேன்.

முதலாவது: கெட்ட நாள் கணக்கு 400 டொலரைத் தாண்டக் கூடாது. இரண்டாவது: எந்தப் பக்கமாவது 1 வீதம் நகர்ந்தால் வரும் இழப்பு 150ஐத் தாண்டக் கூடாது. தொடங்கும்போது அது 47 டொலர்தான் (டெல்டாவில் 31, காமாவில் 16). மூன்று மடங்காகிவிட்டால் நான் எடுத்த பொசிஷன் இது இல்லை என்று அர்த்தம்.

முன்பே எழுதுவதற்குக் காரணம், பொசிஷன் ஓடத் தொடங்கிய பிறகு எல்லோருக்கும் எல்லையை நகர்த்தத் தோன்றும். எனக்கும்தான்.

நாலு லெக்கையும் ஒரே ஓர்டராக, லிமிட் விலையில் போடுங்கள். ஒவ்வொரு லெக்காகப் போட்டால் இடையில் சந்தை நகர்ந்து, அரைப் பொசிஷனோடு நிற்க வேண்டி வரும். பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவிலையிலிருந்து லெக்குக்கு 5 சதம் விட்டுக் கொடுத்தாலே ஒரு லொட்டுக்கு 20 டொலர். அது நாலு நாள் தீட்டா.

## 6. ஒவ்வொரு இரவும் இலாப நட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

கண்காணிப்பு என்றால் இலாபம் பச்சையா சிவப்பா என்று பார்ப்பதல்ல. நேற்றைய கிரீக்குகளை வைத்து, இன்று நடந்ததற்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்ததோடு ஒப்பிடுவது.

உதாரணமாக, இரண்டாம் நாள் குறியீடு 5 புள்ளி விழுந்து ஐவி 0.8 ஏறுகிறது. டெல்டா +26, காமா −11, தீட்டா +10, வேகா −47. கூட்டினால் −22 டொலர். திரை −30 காட்டினால் பிரச்சினை இல்லை. பிட், ஆஸ்க் இடைவெளி அதைச் செய்யும்.

திரை −90 காட்டினால் எங்கோ பிழை. முதலில் அலகும் குறியும் பாருங்கள். அவை சரியென்றால், தளம் ஏதோ ஒரு லெக்கைப் பழைய விலையில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தூர ஸ்ட்ரைக்கில்தான் அது நடக்கும். அதுவும் இல்லையென்றால் புட் பக்க ஐவி கோல் பக்கத்தைவிட அதிகம் ஏறியிருக்கும். வேகாவை ஒரே எண்ணாகக் கூட்டியபோது எல்லா ஸ்ட்ரைக்கும் ஒரே அளவு ஏறும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அது எப்போதும் உண்மை இல்லை. வெவ்வேறு மாதத்து லெக்குகள் உள்ள கலண்டர் ஸ்ப்ரெட்டில் இது இன்னும் மோசம்: கிட்டிய மாத ஐவி பொதுவாகத் தூர மாதத்தைவிட வேகமாக ஆடும் என்பதால், அங்கே மொத்த வேகா என்ற எண்ணை நம்பி அளவு எடுக்காதீர்கள். மாதம் மாதமாகப் பிரித்து எழுதுங்கள்.

## 7. இலாபம் அமைதியாக இருக்கும்போதே ஆபத்து மாறுவதைப் பிடியுங்கள்

இதுவே இந்த வேலையின் மையம். 24 நாள் கழிந்து, முடிவுக்கு 21 நாள் இருக்கிறது. குறியீடு மெல்ல மெல்ல ஏறி 618. பொசிஷனைத் திரும்ப வாங்க ஒரு லொட்டுக்கு இப்போது 227 டொலர். நாங்கள் விற்றது 246க்கு. இரண்டு லொட்டிலும் சேர்த்து 38 டொலர் இலாபம். பச்சை நிறம். புதியவர் திரையை மூடிவிட்டு நல்லூரில் திருவிழா பார்க்கப் போய்விடுவார்.

ஆனால் கிரீக்குகளைப் பாருங்கள். இரண்டு லொட்டுக்கும் டெல்டா −26.6, காமா −1.44, தீட்டா +16, வேகா −46. தீட்டா கூடியிருப்பதைப் பார்த்து மகிழ்வார்கள். டெல்டா ஐந்து மடங்காகியிருக்கிறது. "நடுநிலை" என்று எடுத்த பொசிஷன் இப்போது சந்தை விழ வேண்டும் என்ற பந்தயம்.

இன்னும் 1 வீதம் ஏறினால், அதாவது 6.2 புள்ளி: டெல்டாவில் 164, காமாவில் 28, மொத்தம் 192 டொலர் இழப்பு. எல்லை 150. தாண்டிவிட்டது. ஒரு நாள் தீட்டா 16ஐ வைத்து இதை ஈடுசெய்ய முடியாது.

நான் செய்வது இரண்டில் ஒரு லொட்டை நாலு லெக்கோடும் மூடுவது. எல்லாக் கிரீக்கும் சரிபாதியாகும், 1 வீத நகர்வின் இழப்பு 96க்கு இறங்கும். புட் பக்கத்தை மேலே நகர்த்தி டெல்டாவைச் சமப்படுத்துவது நிறையப் பேர் சொல்லும் வழி. டெல்டா குறையும், கொஞ்சம் கிரெடிட்டும் வரும். ஆனால் விற்ற புட் விலைக்குக் கிட்ட வருவதால் எதிர்க்குறிக் காமா கூடும். சந்தை திரும்பினால் அந்தப் பக்கமும் அடி வாங்கும். பழகும் காலத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

## 8. கடைசி வாரத்துக்குள் போகாதீர்கள்

மீதி ஒரு லொட்டையும் பிடித்துக்கொண்டே இருந்து, முடிவுக்கு 5 நாள் இருக்கும்போது குறியீடு 627இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 630 இன்னும் தொடப்படவில்லை. புட்டுகள் ஏறக்குறையப் பூச்சியம். ஒரு லொட்டின் டெல்டா −30, காமா −2.8, தீட்டா +23. ஐவி 12 அளவில் எடுத்துப் போட்டவை இவை.

காமா முதல் நாளைவிட ஆறு மடங்கு. ஒரே நாளில் 1 வீதம் ஏறினால் இழப்பு 240 டொலர் அளவு. முதல் நாள் வாங்கிய முழுக் கிரெடிட்டும் 246தான். அதுவும் 150 என்ற எல்லையை இந்த ஒற்றை லொட்டே தாண்டி நிற்கிறது. வேகா மட்டும் சுருங்கிவிடும். ஆகவே இந்தக் கட்டத்தில் ஐவியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, டெல்டாவையும் காமாவையும் மட்டும் பாருங்கள்.

நான் முடிவுக்கு 21 நாளில் ஒரு முறை எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடுவேன். 10 நாளுக்குள் விற்ற ஸ்ட்ரைக் ஒன்று 2 வீதத் தூரத்துக்குள் வந்துவிட்டால் இலாபமோ நட்டமோ மூடிவிடுவேன். மூடும் ஓர்டரை இங்கே இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், அங்கே குளிர்கால நேரம் என்றால் 9க்கும் 10க்கும் இடையில், அதாவது சந்தை திறந்து முதல் கொந்தளிப்பு அடங்கிய பிறகு, நடுவிலையில் போட்டு, நிரம்பாவிட்டால் 5 சதம் 5 சதமாக விட்டுக் கொடுப்பேன். நித்திரைக்குப் போக முன் நிரம்பியிருக்க வேண்டும். கொப்பியில் அன்றைய கடைசி வரி, ஓர்டர் நிரம்பிய விலை.